வேலை இழப்பும் மனச்சோர்வும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பம் பக்கமிருந்து கம்பமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளர்களின் பிழைப்பு, அவர்கள் கையில் இல்லாத பல காரணங்களால் அறுபடுவது உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கால் மாநில எல்லை மூடப்பட்டபோதும், 2024 கோடை வறட்சியில் ஏலச்செடிகள் பரவலாகக் காய்ந்தபோதும் அது நிகழ்ந்தது. இத்தகைய இழப்புக்குப் பின் சிலருக்கு வரும் மனச்சோர்வு நோயையும், அதற்கான ‘உறவுசார் உளச்சிகிச்சை’ என்னும் குறுகிய காலச் சிகிச்சையையும் பற்றி நிலவும் சில நம்பிக்கைகள் இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை: வேலை போனவருக்கு வருத்தம் இயல்பு, வேறு வேலை கிடைத்தால் அது தானாகப் போய்விடும்.

வருத்தம் இயல்பு என்பது சரி. ஆனால் காரணம் தெளிவாக இருப்பதாலேயே ஒரு நிலை நோயல்ல என்று ஆகிவிடாது. பெரும்பாலான நாட்களில் நாளின் பெரும்பகுதி மனம் வாடியிருப்பதும், முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போவதும், தூக்கமும் பசியும் கெடுவதும், தன்னை உதவாதவன் என்று எண்ணுவதும், சாவைப் பற்றிய நினைவு வருவதும் ஆகியவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரமாவது நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அதை மருத்துவம் மனச்சோர்வு நோய் என்கிறது. அந்த நிலையில் இருப்பவர் வேலை கேட்டுப் போகவே தெம்பில்லாமல் இருப்பார். கிடைத்தாலும் நிலைப்பது கடினம். ஆகவே வேலை வந்தபின் மனம் தேறட்டும் என்று காத்திருப்பது, பலரிடத்தில் வரிசையைத் தலைகீழாக வைப்பதாகிவிடுகிறது.

நம்பிக்கை: பேச்சு வழிச் சிகிச்சை என்பது ஆறுதலும் அறிவுரையும்தான், அதற்கு முடிவே இல்லை.

உறவுசார் உளச்சிகிச்சை தொடக்கம் முதலே காலவரையறை கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் தம் குழுவினருடன் 1969 முதல் உருவாக்கி, 1984இல் கையேடாக வெளியிட்ட இந்த முறையில், வாரம் ஒரு சந்திப்பாகப் பன்னிரண்டு முதல் பதினாறு சந்திப்புகள் நடைபெறும். எத்தனை என்பது முதலிலேயே நோயாளியிடம் சொல்லப்படும். மனச்சோர்வு எந்தக் காரணத்தால் வந்தாலும், அது மனிதர்களுக்கிடையில் நிகழும் ஏதோவொரு மாற்றத்தோடு பின்னிக்கொண்டே வளர்கிறது என்பது இதன் அடிப்படை. அந்த மாற்றத்தை இம்முறை நான்கு வகையாகப் பிரிக்கிறது: நெருங்கியவரின் இறப்பு, உறவில் பூசல், நெருக்கமான உறவுகளே அமையாத தனிமை, வகிபங்கு மாற்றம். வகிபங்கு என்பது ஒருவர் தம் குடும்பத்திலும் ஊரிலும் வகிக்கும் இடமும், அந்த இடத்தில் இருப்பவரிடம் பிறர் எதிர்பார்ப்பவையும் சேர்ந்தது. வேலை இழப்பு பெரும்பாலும் இந்த நான்காம் வகையில் அடங்கும். சம்பளம் நின்றுபோவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

நம்பிக்கை: நடந்ததை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சொல்வதே நல்ல மருந்து.

குடும்பத்தினரும் நண்பர்களும் நல்லெண்ணத்தோடு சொல்லும் இந்த அறிவுரைக்கு நேர் எதிரான இடத்தில்தான் வகிபங்கு மாற்றத்துக்கான சிகிச்சை தொடங்குகிறது. இழந்த இடத்தைப் பற்றி முழுமையாகத் துக்கப்பட்டு முடிக்காதவரால் புதிய இடத்தில் காலூன்ற முடிவதில்லை என்பது இம்முறையின் கருத்து. சிகிச்சை செல்லும் பாதையைக் காட்ட, விளக்கத்துக்காகவே அமைக்கப்பட்ட ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்ளலாம்.

நாற்பத்தெட்டு வயதுள்ள ஒரு கங்காணி. இருபது பெண்களைத் திரட்டி, ஜீப் பேசி, உடும்பன்சோலைப் பக்கத் தோட்டமொன்றுக்குக் காய் எடுப்புக்குக் கூட்டிச்சென்று, பேர் போட்டு, வாரக் கூலி பிரித்துக் கொடுத்துவந்தவர். வறட்சிக்குப் பின் தோட்டக்காரர் ஆள் வேண்டாம் என்றுவிட, பெண்கள் வேறு கங்காணிகளின் ஜீப்பில் ஏறிக்கொண்டனர். அவர் கொடுத்திருந்த முன்பணம் பலரிடம் தங்கிவிட்டது. மனைவி ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். மூன்று மாதமாக அவருக்கு விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது; தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒன்பது கேள்விகள் கொண்ட, உச்ச மதிப்பு 27 ஆன பி.எச்.க்யூ-9 என்னும் மனச்சோர்வு அளவீட்டில் அவர் பெறுவது 17. இது மிதமான நிலையைத் தாண்டிய மனச்சோர்வைக் குறிக்கும்.

முதல் மூன்று சந்திப்புகளில் சிகிச்சையாளர் நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்கிறார். இது சோம்பலோ கோழைத்தனமோ அல்ல, குணமாகக்கூடிய நோய் என்றும், காய்ச்சலில் கிடப்பவரைப் போலவே சில பொறுப்புகளிலிருந்து தற்காலிகமாக விலக்குப் பெற அவருக்கு உரிமை உண்டு, அதே வேளை குணமடைய உழைக்கவும் அவர் கடமைப்பட்டவர் என்றும் விளக்குகிறார். பின்னர் உறவுப் பட்டியல் தயாராகிறது: மனைவி, மகன், தோட்டக்காரர், ஜீப் ஓட்டுநர், குழுவிலிருந்த மூத்த பெண் என ஒவ்வொருவரையும் எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார், அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறார், அவர்கள் இவரிடம் எதை எதிர்பார்க்கின்றனர், வேலை போனபின் எது மாறியது என்று கேட்கப்படுகிறது. நோயின் தொடக்கம் வேலை நின்ற நாளில் அல்லாமல், காய் எடுப்பு தொடங்கும் பருவத்தில் தெருவில் பிறருடைய ஜீப் வந்து நின்ற வாரத்தில் விழுகிறது என்பது இந்தக் கணக்கில் புலப்படலாம். வருமான இழப்பைவிட ‘என் ஆட்கள்’ என்று சொல்லும் உரிமையின் இழப்பே அவரை வீழ்த்தியது என்று அதிலிருந்து இருவரும் ஒரு முடிவுக்கு வந்து, அதன்மேல் உழைப்பதாக ஒப்புக்கொள்கின்றனர்.

நான்காம் சந்திப்பிலிருந்து துக்க வேலை. ஒவ்வொரு சந்திப்பும் ‘சென்ற முறைக்குப் பிறகு எப்படி இருந்தது’ என்ற கேள்வியோடே தொடங்கி, அந்த வாரத்து மனநிலை அந்த வாரத்து நிகழ்ச்சியோடு இணைக்கப்படுகிறது. பழைய வேலையின் நன்மைகளை அவர் தடையின்றிச் சொல்வார்: தம் சொல்லுக்கு இருபது பேர் கிளம்பினார்கள், தோட்டக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பழைய வேலையை அவர் பொன்னாக மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்வரை துக்கம் நகரவில்லை என்று கொள்ளலாம். அவசரப்படாமல் மறுபக்கத்தையும் கேட்டால், பனிக்குளிரில் எழுந்து ஓடியதும், கூலிப் பூசலில் இரு பக்கத்திலும் ஏச்சு வாங்கியதும், முன்பணம் திரும்பாமல் வட்டிக்கு வாங்கியதும் வெளிவரும். இரு பக்கமும் ஒரே மூச்சில் சொல்லப்படும் நாளில்தான் அடுத்த படிக்குப் போக முடியும். வகிபங்கு மாற்றச் சிகிச்சையில் மிகுதியாக நேரும் தவறு, சிகிச்சையாளரே பொறுமை இழந்து, மூன்றாம் வாரத்திலேயே வேலை தேடும் ஆலோசகராக மாறிவிடுவதுதான்.

இடைப்பட்ட சந்திப்புகளில் புதிய நிலையும் அதே போல இரு பக்கமும் எடை போடப்படுகிறது. இங்கே இரண்டு கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று, உரையாடல் ஆய்வு. “ஏங்க, அரிசிக்குப் பணம் இருக்கா?” என்று மனைவி கேட்டதும் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன இரவு, சொல்லுக்குச் சொல் திரும்பச் சொல்லப்படுகிறது. மனைவி கேட்டது எது, அவர் புரிந்துகொண்டது எது, சொல்ல விரும்பியது எது, உண்மையில் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்கும்போது, ஒரு சாதாரணக் கேள்வியைத் தன் தோல்வியின் அறிவிப்பாக அவர் கேட்டிருப்பது தெரிகிறது. மனைவியிடம் என்ன சொல்லலாம் என்று அங்கேயே பேசிப் பழகிப் பார்க்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதையும் அவ்வாறே ஒத்திகை பார்க்கலாம். மற்றொன்று, முடிவு ஆய்வு: பிறருடைய குழுவில் சாதாரணக் கூலியாகப் போவது, உள்ளூர்க் கிட்டங்கியில் சரக்கேற்றும் ஆட்களைச் சேர்ப்பது, ஐந்தாறு பேரோடு மீண்டும் சிறியதாகத் தொடங்குவது ஆகிய வழிகளை, வருமானத்தைக் கொண்டு மட்டுமல்லாமல், எந்த வழியில் யாருடைய முகத்தைப் பார்க்க நேரும், அதை அவர் தாங்குவாரா என்பதைக் கொண்டும் எடைபோடுவது. ஆள் திரட்டும் திறமை தோட்டத்தோடு போய்விடவில்லை என்பதை அவரே கண்டுகொள்வதற்கு இந்தப் பேச்சு இடம் தருகிறது. பாதி வழியில் அளவீடு மீண்டும் எடுக்கப்படுகிறது. 17 என்பது 12 போல இறங்கியிருந்தால் இதே வழி தொடரலாம். இறங்கவே இல்லையென்றால், மாத்திரை சேர்க்க வேண்டுமா, குடி மறைந்திருக்கிறதா, வேலை போவதற்கு முன்பே குடும்பப் பூசல் வேரோடியிருந்து, எடுத்துக்கொண்ட வகையே தவறாகிவிட்டதா என்று மறுபடி பார்ப்பது முறை.

கடைசி இரண்டு மூன்று சந்திப்புகள் முடிவைப் பற்றியவை. சிகிச்சையாளரைப் பிரிவதும் ஒரு சிறு வகிபங்கு மாற்றமே ஆதலால் அப்போது எழும் வருத்தம் நோய் திரும்புவதன் அறிகுறியல்ல என்பது சொல்லப்படும். விடிவதற்கு முன்பே விழிப்பது, ஆட்களைத் தவிர்ப்பது போன்ற அவருக்கே உரிய முன்னறிகுறிகளும், அவை அடுத்த காய் எடுப்புப் பருவத்தில் தலைகாட்டக்கூடும் என்பதும், அப்போது யாரிடம் போக வேண்டும் என்பதும் குறித்துக்கொள்ளப்படும்.

நம்பிக்கை: இதெல்லாம் படித்தவர்களுக்கும் நகரத்து மருத்துவமனைகளுக்கும் உரியது.

2003இல் வெளியான உகாண்டா ஆய்வு இதற்கு விடை. முப்பது கிராமங்களில், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே பதினாறு வாரம் குழுவாக இச்சிகிச்சையை நடத்தினர். தனிமை என்னும் வகை அந்தக் கிராம வாழ்வுக்குப் பொருந்தாது என்று நீக்கப்பட்டு மூன்று வகைகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. முடிவில் சிகிச்சை பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினரிடமும், பெறாத கிராமத்தினரில் 54.7 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. இந்தியாவில் கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார மையங்களிலும் தனியார் மருத்துவர்களிடமும் நடந்து 2010இல் வெளியான மானஸ் ஆய்வில், மருத்துவப் பட்டமில்லாத ஆலோசகர்கள் தந்த படிப்படியான சிகிச்சையில் இந்த முறையும் ஒரு பகுதியாக இருந்தது. அரசு மையங்களில் அது தெளிவான பயன் தந்தது, தனியார் மருத்துவரிடம் சென்றவர்களிடம் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட குழுக் கையேடு எட்டு வாரங்களுக்குள் அடங்குகிறது. ஜீப்பில் ஒன்றாகச் சென்று ஒன்றாக வேலை இழந்த தொழிலாளர்களுக்குக் குழு வடிவம் தனிச் சந்திப்பைவிடப் பொருத்தமாக இருக்கும் என்று கருத இடமுண்டு. ஒரே நேரத்தில் ஒரே காரணத்தால் வேலை இழந்தவர்கள் ஒருவருக்கொருவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம்பிக்கை: பேச்சுச் சிகிச்சை எடுத்தால் மாத்திரை வேண்டாம்; எல்லோருக்கும் அதுவே போதும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல; கடுமையான மனச்சோர்வில் சேர்த்துத் தருவதே வழக்கம். இல்லாத குரல் கேட்பவருக்கும், இடையிடையே எல்லை மீறிய உற்சாகம் வந்து போகும் இருமுனைக் கோளாறு உடையவருக்கும், மதுவிடம் சிக்கியவருக்கும் முதலில் வேறு சிகிச்சை தேவை. பசியாலும் கடனாலும் நெருக்கப்படுபவருக்கு ரேஷனும் கடன் தவணை நீட்டிப்பும் வேண்டும். அவற்றின் வேலையை எந்தச் சந்திப்பும் செய்துவிடாது. சாவைப் பற்றிப் பேசத் தொடங்கியவரைத் தனியே விடாமல், வீட்டிலும் தோட்டக் கொட்டகையிலும் உள்ள பூச்சிமருந்தைப் பூட்டி அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். போடி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேனி அருகே க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416, 2022 அக்டோபர் முதல் இரவு பகலாகக் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.