ஹாஷ் மரமும் சான்றிதழ்ப் பேரேடும்

2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதியன்று, கூகுள் நிறுவனத்தின் இணைய முகவரிகளுக்கு அந்நிறுவனம் கேட்காத சான்றிதழ்கள் சில வழங்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அவற்றை வழங்கியிருந்தது நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. மறுநாளே, சான்றளிப்போரை மேற்பார்வையிடும் இந்தியக் கட்டுப்பாட்டு அலுவலகம் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தது. மையத்தின் வழங்கல் முறையில் ஊடுருவல் நேர்ந்தது என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்றும் அவ்வலுவலகம் அறிவித்தது. ஆனால் அந்த நான்கில் அடங்காத வேறு சான்றிதழ்களையும் தாம் கண்டிருப்பதாகவும், ஆதலால் பாதிப்பின் அளவு இன்னதென்று சொல்ல இயலாதென்றும் கூகுள் கூறியது.

இணையத்தில் சான்றிதழ் என்பது யாதெனில், ஒரு தளத்தின் முகவரியையும் அதற்குரிய மறைக்குறிச் சாவியையும் இணைத்து, நம்பிக்கைக்குரிய ஒரு நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் ஆவணமாகும். வங்கியின் தளத்தைத் திறக்கும்பொழுது நம் உலாவி முதலில் பார்ப்பது இதனையே. பொய்ச் சான்றிதழைக் கைக்கொண்டவன், இணையப் போக்குவரத்தின் நடுவே நிற்க வாய்ப்பும் பெற்றானாயின், வங்கியாகவே நடித்துக் கடவுச்சொல்லைக் கவர்ந்துவிடலாம். ஆகவே 2014-இல் எழுந்த கேள்வி எளியது, ஆனால் கடுமையானது. வழங்கப்பட்ட பொய்ச் சான்றிதழ்கள் எத்தனை? அதற்கு விடை கூறவல்ல ஒரே சாட்சி வழங்கியவரின் சொந்தப் பதிவேடு. ஊடுருவலுக்கு உள்ளான இடத்தின் பதிவேட்டை எவ்வாறு நம்புவது?

எல்லாச் சான்றிதழ்களையும் பொதுப் பேரேடு ஒன்றில் எழுதிவைத்து, எழுதியதை எவரும் மறைவாக நீக்கவோ மாற்றவோ இயலாதபடி செய்வதே இதற்குக் கண்ட வழி. அதற்கு அடிப்படை, ரால்ஃப் மெர்க்கிள் என்பார் 1979-இல் வகுத்த ஹாஷ் மரம். அதன் அமைப்பை முதலில் ஒரு பெரிய கோப்பைக் கொண்டு விளக்கி, பின்னர்ப் பேரேட்டிற்கு வருவோம்.

ஹாஷ் எண்

எவ்வளவு நீண்ட தரவாயினும் அதனை ஒரு குறிப்பிட்ட கணக்கு முறைக்கு உட்படுத்தி, என்றும் ஒரே நீளமுடைய ஓர் எண்ணைப் பெறலாம். அதுவே ஹாஷ் எண். பரவலாக வழங்கும் SHA-256 என்னும் முறையில் அந்நீளம் 256 பிட்டுகள், அதாவது 32 பைட்டுகள். ஒரே தரவு எப்பொழுதும் ஒரே எண்ணைத் தரும். தரவில் ஒரு பிட்டு மாறினும் எண் முழுவதும் வேறாகிவிடும். ஒரே எண்ணைத் தரும் இரு வெவ்வேறு தரவுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத செயல்.

16 கிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றைப் பலரிடமிருந்து துண்டுதுண்டாகப் பெறுகிறோம் என்று கொள்வோம். முழுக் கோப்பின் ஹாஷ் எண் மட்டும் கையில் இருந்தால், கடைசித் துண்டும் வந்து சேர்ந்த பின்னரே சோதிக்க முடியும். சோதனை தவறினால், கெட்ட துண்டு எதுவென்றும் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் என்று பட்டியல் வைத்தால் இக்குறை நீங்கும். ஆனால் 16 கிலோபைட் அளவான துண்டுகளாகப் பிரித்தால் மொத்தம் 10,48,576 துண்டுகள் ஆகும். பட்டியல் மட்டுமே 32 மெகாபைட் வரும். அதனை முழுவதும் நம்பத்தகுந்த இடத்திலிருந்து பெற்றாக வேண்டும்.

மரத்தின் அமைப்பு

ஹாஷ் மரம் இவ்விரண்டுக்கும் நடுவழி. எளிமைக்காக எட்டுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எண் கணித்தால் எட்டு இலைகள் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டிரண்டு எண்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து மீண்டும் ஹாஷ் செய்தால் நான்கு கணுக்கள், அவ்வாறே மேலும் செய்தால் இரண்டு, இறுதியில் ஒன்று. இந்த ஒற்றை எண்ணே வேர். இம்மரத்தில் வேர் உச்சியிலும் இலைகள் அடியிலும் இருப்பதாக வரைவது வழக்கம்.

நம்பத்தகுந்த இடத்திலிருந்து நாம் பெறவேண்டியது வேரின் 32 பைட்டுகள் மட்டுமே. இப்பொழுது ஆறாம் துண்டு முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வருகிறது. அவர் அத்துண்டோடு மூன்று எண்களை அனுப்பவேண்டும்: ஐந்தாம் இலையின் எண், 7–8 என்னும் இணையின் எண், 1 முதல் 4 வரையிலான பாதியின் எண். நாம் ஆறாம் துண்டின் ஹாஷ் எண்ணைக் கணித்து, அதனை ஐந்தாவதோடு சேர்த்து 5–6 என்பதைப் பெறுகிறோம்; அதனோடு 7–8 சேர, 5–8 கிடைக்கிறது; அதன் இடப்புறத்தில் 1–4 சேர, வேர் கிடைக்கிறது. கையிலுள்ள வேரோடு இது ஒத்தால் துண்டு மெய்யானது. ஒவ்வாவிடில் துண்டிலோ துணை எண்களிலோ பொய் கலந்துள்ளது. அதனை உடனே தள்ளி, வேறொருவரிடம் கேட்கலாம். துணை எண்களை அனுப்பியவர் நம்பத்தகாதவராயினும் கேடில்லை. பொய்யான எண்களைக் கொண்டு சரியான வேரை அடைய அவரால் இயலாது.

துண்டுகள் இரட்டிப்பானால் துணை எண்களில் ஒன்றே கூடும். மேற்கூறிய 10,48,576 துண்டுகளுக்கும் இருபது எண்கள், அதாவது 640 பைட்டுகள் போதும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உட்கணு ஒன்றின் உள்ளீடு இரண்டு ஹாஷ் எண்கள் சேர்ந்த 64 பைட்டுகள். அந்த 64 பைட்டுகளையே ஒரு தரவுத் துண்டு என்று காட்டி ஏமாற்ற முயல்வோர் உண்டு. கணக்கிடும் முறை ஒன்றேயாயின் வேரும் ஒத்துவிடும். இதனைத் தடுக்கவே, 2013-இல் வெளியான சான்றிதழ்ப் பேரேட்டின் வரையறை, இலைக்கும் கணுவுக்கும் வெவ்வேறு முன்குறி இடச் சொல்கிறது:

```
leaf = SHA-256(0x00 || data)
node = SHA-256(0x01 || left || right)
```

பேரேடு

பேரேட்டில் ஒவ்வொரு சான்றிதழும் ஓர் இலை. புதியவை வலக்கோடியில் மட்டுமே சேரும். பேரேட்டை நடத்துவோர் அவ்வப்பொழுது வேரையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கையொப்பமிட்டு வெளியிடுவர். சான்றிதழைப் பெற்றுக்கொண்டதும் தேதியிட்ட ஒப்புகை ஒன்றையும் தருவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இமுத்ரா போன்று, உலாவிகள் ஏற்கும் சான்றிதழ்களை வழங்கும் நிறுவனங்கள் இந்த ஒப்புகைகளைப் பெற்றுத் தம் சான்றிதழோடு சேர்த்துத் தருகின்றன. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழில் தக்க ஒப்புகைகள் இல்லையெனில் குரோம் உலாவி அதனை ஏற்பதில்லை.

நேற்று ஆறு பதிவுகள் இருந்த பேரேட்டில் இன்று எட்டு உள்ளன என்க. பழைய ஆறும் அப்படியே உள்ளனவா என்று அறிய, எட்டையும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. பேரேடு 1–4, 5–6, 7–8 என்னும் மூன்று கணுக்களின் எண்களைத் தந்தால் போதும். முதல் இரண்டையும் சேர்த்தால் நேற்றைய வேர் கிடைக்கவேண்டும். 5–6 என்பதையும் 7–8 என்பதையும் முதலில் இணைத்து, அதனை 1–4 என்பதோடு சேர்த்தால் இன்றைய வேர் கிடைக்கவேண்டும். இரண்டும் ஒத்தால், இன்றைய மரத்தினுள் நேற்றைய மரம் சிதையாமல் அடங்கியுள்ளது என்பது உறுதி. மூன்றாம் பதிவை எவரேனும் இரவில் மாற்றியிருந்தால் 1–4 மாறியிருக்கும்; இரண்டு வேர்களுக்கும் ஒரே வேளையில் பொருந்தும் எண்களை அவரால் தர இயலாது.

தவறு நேர்ந்தபொழுது

இம்முறை எவ்வளவு கண்டிப்பானது என்பதை 2021-இல் நிகழ்ந்த ஒன்று காட்டும். டிஜிசெர்ட் நிறுவனம் நடத்திய ‘யெட்டி 2022’ என்னும் பேரேட்டில், ஜூன் 30-ந் தேதியன்று கையொப்பமிட்ட வேரும், பதிவுகளைப் படித்துக் கண்காணிப்போர் தாமே கணித்த வேரும் ஒவ்வவில்லை. ஆய்ந்து பார்த்ததில், 6,55,62,066 என்னும் எண்ணுள்ள பதிவின் ஹாஷ் எண்ணில் ஒரே ஒரு பிட்டு புரண்டிருந்தது. சான்றிதழிலேயே பிட்டு புரண்டிருந்தால் ஹாஷ் எண் முழுவதும் மாறியிருக்கும். ஒரு பிட்டு மட்டும் வேறுபட்டமையால், கணித்து முடிந்த பின்னரே எண் கெட்டது என்று உணரலாம்; வன்பொருளில் நேரும் தற்செயல் பிழைக்கு இதுவே அடையாளம்.

இத்தகைய பிழையைத் தேடவும் மரமே துணை. வேர் ஒவ்வாதபொழுது இரு பாதிகளில் எது ஒவ்வவில்லை என்று பார்த்து, அதன் பாதி, அதற்கும் பாதி எனக் கீழிறங்கினால், ஆறரைக் கோடிப் பதிவுகளுக்கு ஏறக்குறைய 26 படிகளில் பிழையான இலையை அடையலாம்.

இப்பிழையில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆயினும் அதனைத் திருத்த வழியுமில்லை. கெட்ட எண்ணை நேராக்கினால், முன்பே கையொப்பமிட்டு வெளியிட்ட வேரோடு முரண்படும். நேராக்காவிட்டால் பதிவும் வேரும் முரண்படும். ஆகவே அப்பேரேடு புதிய சான்றிதழ்களை ஏற்பதை நிறுத்த நேர்ந்தது. ஒரு சான்றிதழ் ஒன்றுக்கு மேற்பட்ட பேரேடுகளில் பதியப்பட வேண்டுமென்று உலாவிகள் விதிப்பதன் பயன் இத்தகைய வேளையில் விளங்கும்.

மரம் காட்டாதவை

ஹாஷ் மரம் எழுதியதைக் காக்குமேயன்றி, எழுதியது மெய்யா என்று ஆராயாது. பொய்ச் சான்றிதழும் பேரேட்டில் முறைப்படி இடம்பெறும். அதனைக் கண்டுகொள்ளும் பொறுப்பு முகவரியின் உரிமையாளருடையது. தம் பெயரில் தாம் கேட்காத சான்றிதழ் வந்துள்ளதா என்று அவர் பேரேடுகளைக் கவனித்துவர வேண்டும். மேலும், பேரேட்டை நடத்துவோர் பெங்களூரில் உள்ளவருக்கு ஒரு வேரையும் டில்லியில் உள்ளவருக்கு வேறொரு வேரையும் காட்டினால், தனித்தனியே பார்க்கும் இருவருக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். இருவரும் தாம் பெற்ற வேர்களை ஒப்பிட்டால்தான் வஞ்சனை வெளிப்படும். அப்பொழுது ஒரே எண்ணிக்கைக்கு இரு வேறு வேர்களில் இட்ட இரு கையொப்பங்களே மறுக்கவொண்ணாத சாட்சியாகும்.

2014-இல் இப்பேரேடு வழக்கில் கட்டாயமாக இருந்திருந்தால் ஊடுருவல் நேராதிருந்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் உலாவி ஏற்கவேண்டுமாயின் பொய்ச் சான்றிதழும் பேரேட்டில் ஏறியே ஆகவேண்டும். ஏறியதை வழங்கியவரும் திருடியவரும் பின்னர் நீக்க இயலாது. எத்தனை என்ற கேள்விக்கு விடையை எவருடைய வாய்மொழியிலும் தேடாமல், பேரேட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தே அறிந்திருக்கலாம்.