"செத்த கோழி" என்று எழுதியவர்மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் 12 வருடமாக மெஸ் நடத்துகிறோம். கூகுளில் ஒருவர், "குழம்பில் ஒரே எண்ணெய், பரிமாற ஆளில்லை" என்று எழுதினார். அடுத்த வாரம் வேறொருவர் புனைபெயரில், "இங்கே செத்த கோழியைத்தான் சமைக்கிறார்கள்" என்று எழுதிவிட்டார். அது வாட்ஸ்அப்பிலும் சுற்றி, மதிய வியாபாரம் பாதியாகிவிட்டது. போலீஸில் சொன்னால் இரண்டையும் எடுத்துவிடுவார்களா?
- வாசகி ஒருவர்

பதில்: முதல் பதிவை விட்டுவிடுங்கள், அம்மா. எண்ணெய் அதிகம் என்பது சாப்பிட்டவரின் அபிப்பிராயம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. "செத்த கோழி" அப்படியல்ல. அது உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய குற்றச்சாட்டு. பொய்யென்றால் அவதூறு.

அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் போலீஸ் தானாக வழக்குப் பதியும் குற்றமல்ல. நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். எழுதியவர் யாரென்றே தெரியாத உங்களுக்கு சிவில் வழக்குதான் நல்ல வழி.

முதலில் ஆதாரம். பதிவு, தேதி, எழுதியவரின் பக்கம், அதன் இணைப்பு எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள்; அவர் நாளை அழித்துவிடலாம். எடுத்த போனை மாற்றாதீர்கள். கோர்ட்டில் இந்தப் படங்களோடு மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் தர வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை உங்களுக்கு அனுப்பியவரின் போனிலும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, அந்தப் பதிவை மட்டும் கூகுளிடம் புகார் செய்யுங்கள். அவர்கள் தங்கள் விதிக்கு முரணாக இருந்தால்தான் நீக்குவார்கள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நீக்க மறுத்தால் கோர்ட் உத்தரவு வேண்டும். எழுதியவர் பெயர் தெரியாவிட்டாலும் "அசோக் குமார்" என்ற பொதுப்பெயரில் எதிர்வாதியாக்கி, கூகுளையும் சேர்த்து வழக்குப் போடலாம். பதிவை நீக்கவும், கணக்கின் விவரத்தைத் தரவும் உத்தரவு கேட்கலாம்.

எழுதியது உண்மை என்று நிரூபிப்பது எதிர்வாதியின் பொறுப்பு. ஆனாலும் இடைக்காலத் தடை கேட்கும்போது நீதிபதி உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கோழிக்கடை பில்கள், உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நஷ்ட ஈட்டுக்கு, பதிவுக்கு முந்தைய மாத விற்பனைக் கணக்கும் பிந்தைய மாதக் கணக்கும் பேசும்.

கூகுளில் கோபமாகப் பதில் எழுத வேண்டாம். "இது உண்மையல்ல. எங்கள் கொள்முதல் பில்களைக் கடைக்கு வந்து யாரும் பார்க்கலாம்" என்பது போதும். யார் மீதாவது சந்தேகம் இருந்து, அவர் பெயரை நீங்கள் எழுதினால், அதுவே உங்கள்மீது அவதூறு வழக்காகலாம்.

நஷ்ட ஈட்டு வழக்குக்குக் கெடு, பதிவு வெளியான நாளிலிருந்து ஒரே வருடம். நீங்கள் பார்த்த நாளிலிருந்து எண்ணாமல், எழுதிய நாளிலிருந்து எண்ணுங்கள்.