ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்ததும், கல்லீரல் பாதி கெட்டுப்போய்விட்டதாகப் பலர் பதறுகிறார்கள். அந்த கிரேடு கொழுப்பை மட்டுமே சொல்கிறது. வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துப் போடுவது அது. கொழுப்பு லேசாக இருந்தால் தெரியாமலும் போகும். தழும்பு விழத் தொடங்கியிருப்பதையும் அதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஃபைப்ரோஸ்கேன் போன்ற எலாஸ்டோகிராஃபி, அதாவது கல்லீரலின் விறைப்பை அளப்பது.

ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு போய்விடுங்கள், காபியும் வேண்டாம். சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் கூடி, நல்ல கல்லீரலும் விறைப்பாகக் காட்டும். மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்தால் விலா இடுக்கு விரியும். அங்கே கருவியை வைத்து மெல்லத் தட்டுவார்கள். உடம்பு கனத்தவர்களுக்கு எக்ஸ்எல் புரோப் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் kPa எண்ணுக்குத் தாவுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது செல்லுபடியான அளவுகள் பத்தாவது இருக்கின்றனவா என்பதை. அடுத்தது, IQR/Med என்ற வரியை. பத்துத் தட்டலில் கிடைத்த அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அது சொல்கிறது. விறைப்பு 7-க்கு மேல் வந்து, இந்த விகிதமும் 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக்கூடாது.

ஒருவர் இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 11.8 kPa வருகிறது, IQR 4.5. வகுத்தால் 38 சதவீதம். இது தழும்புக்குச் சான்று ஆகாது. இன்னொரு நாள் வெறும் வயிற்றில் எடுத்தால் 7.2, IQR 1.1 என்று வரலாம். அது 15 சதவீதம்தான், நம்பலாம். கொழுப்புக் கல்லீரல்காரர்களுக்கு 8-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 12-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டதற்கு வேறு பரிசோதனைகள் தேவைப்படும்.

விகிதம் சரியாக இருந்தும் எண் ஏமாற்றுவதுண்டு. மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் அழற்சி, இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்குவது, அண்மையில் மிதமிஞ்சிக் குடித்தது எல்லாமே தழும்பு இல்லாமலே விறைப்பைக் கூட்டும். அவை தணிந்த பிறகு அளப்பதுதான் சரி. வயிற்றில் நீர் கோத்திருந்தால் இந்தக் கருவியால் அளக்க முடியாது.

அதே ரிப்போர்ட்டில் உள்ள CAP கொழுப்புக்கான எண். கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் ஆனவருக்குக் கொழுப்பே கரைந்து போயிருக்கலாம். ஆகவே CAP குறைந்ததை மட்டும் வைத்துக் குணமாகிவிட்டது என்று மருந்தையோ பரிசோதனையையோ நிறுத்திவிடாதீர்கள்.