படத்தில் தெரிவதும் தெரியாததும்: அக்கி, கால் வீக்கம், சிரங்கு

தோலில் ஏதாவது கண்டால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பஸ் காசும் ஒருநாள் கூலியும் போய்விடும் என்று கணக்குப் பார்க்க வேண்டிய எமது குடும்பங்களுக்கு இது உதவிதான். ஆனால் படம் நிறத்தையும் உருவத்தையும் மட்டுமே காட்டும். தோலின் சூடு, நோவு, காய்ச்சல் எதுவும் அதில் வராது. எமக்கு வந்த ஒரு படத்தை வைத்தே இதை விளக்குகிறோம்.

இடம்பெயர்ந்து ஒரே கொட்டிலில் ஏழு பேராக இருக்கும் குடும்பம் அது. அம்மாவுக்கு வயது 58, நீரிழிவு உள்ளவர். அவருடைய இடது கீழ்க்காலின் படத்தை ஒரு காலையில் மகன் அனுப்பியிருந்தார். கால் சிவந்து, நடுவில் ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தது. “அம்மாவுக்கு அக்கி போட்டிருக்கு, காவி பூசலாமோ?” என்பது அவருடைய கேள்வி. ஒரு காலில் மட்டும் வந்ததாலும் கொப்புளம் இருந்ததாலும் அக்கி என்று நினைத்திருக்கிறார்.

அக்கி எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதன் படத்தை அடையாளம் காண்பது இலகு. சிறுவயதில் வந்த கொப்புளிப்பானின் கிருமி முற்றாக அழிவதில்லை. முள்ளந்தண்டுக்கு அருகில் நரம்பின் அடியில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, வயதானபோதோ உடல் தளர்ந்தபோதோ அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஆகவே அது ஒரு பட்டிபோல, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து விலாவைச் சுற்றி நெஞ்சுக்கு வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடும். சிவந்த தோலின்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே அந்த இடம் எரியும், குத்தும். இந்த முன்நோவு படத்தில் இராது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அம்மாவின் படத்தில் கொத்தும் இல்லை, பட்டியும் இல்லை. ஒரேயொரு கொப்புளம், சுற்றிலும் மினுங்கும் சிவப்பு, அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தெளிவில்லை. “மற்றக் காலையும் சேர்த்து, வாசலடி வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கோ தம்பி” என்றோம். எமது மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ மண்ணிறமாகவோ தெரியும். இரவு விளக்கில் எடுத்தால் அதுவும் மறைந்துவிடும். ஒரு காலை மற்றக் காலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் வீக்கமும் நிறமாற்றமும் பிடிபடும். இரண்டாவது படத்தில் இடது கணுக்கால் எலும்பே தெரியாதபடி வீங்கியிருந்தது.

பிறகு மூன்று கேள்விகள் கேட்டோம். புறங்கையால் இரு கால்களையும் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறது? இடது கால். காய்ச்சல் உண்டா? முதல்நாள் பின்னேரம் குளிர் நடுக்கத்துடன் தொடங்கியது. எப்போது சிவந்தது? நேற்றுக் காலையில் கணுக்காலடியில் மட்டும். இன்று முழங்காலுக்குப் பாதிவழி வந்துவிட்டது.

இது அக்கியல்ல. தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புப் படைக்கும் கிருமி பரவும் நோய். வைத்தியர்கள் செலுலைற்றிஸ் என்பார்கள். கிருமி உள்ளே போக ஒரு வாசல் வேண்டும். வெடித்த குதிக்கால், வயற்சேற்றில் நின்று விரலிடுக்கில் வந்த புண், முள்ளுக் குத்திய காயம், சொறிந்த கீறல், இவற்றில் எதுவும் போதும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இரண்டு கால்களும் ஒன்றாகச் சிவந்து வீங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடிட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதும்படி மகனிடம் சொன்னோம். கோட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க அல்ல. வைத்தியர் பார்க்கும்போது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று தெரிவதற்காக. காலை 7 மணிக்குக் கோடு போட்டார்கள். 10 மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போயிருந்தது. நரம்பு வழியாக மருந்தேற்றி ஐந்து நாள் வைத்திருந்தார்கள். கால் தப்பியது.

காய்ச்சல் இல்லாமல் சிறிதளவு சிவப்பு மட்டும் என்றாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும், குளிசையோடு மாறலாம். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், மணிக்கணக்கில் பரவினால், நீரிழிவு இருந்தால், கண்ணைச் சுற்றி வந்தால் உடனே போக வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்றுண்டு: தோலில் தெரிவது கொஞ்சமாயிருக்க நோவு தாங்க முடியாமல் இருப்பது, தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, தொட்டால் உணர்வில்லாமல் போவது, ஆள் மயங்கித் தடுமாறுவது. அங்கே கிருமி தசைவரை போயிருக்கலாம். படம் எடுத்துக்கொண்டு நிற்கவே கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அம்மாவின் காலில் கிருமிக்கு வாசல் திறந்தது எப்படி? விரலிடுக்கில் புண் இல்லை. கீழ்க்காலில் நகக் கீறல்கள் இருந்தன. “இரவில கடிக்குது, படுக்க விடுதில்லை” என்றார். பேரப்பிள்ளைகளும் ஒரு மாதமாகச் சொறிகிறார்கள். பிள்ளைகளின் கைகளைப் படம் எடுத்தபோது விரல்களுக்கு இடையிலும் மணிக்கட்டின் உட்பக்கத்திலும் சின்னப் பருக்களும், பென்சில் கீறியது போன்ற மெல்லிய வளைகோடுகளும் தெரிந்தன. கண்ணுக்கு எட்டாத ஒரு பூச்சி தோலைத் துளைத்து முட்டையிட்டுப் போகும் வழி அது. இதுதான் சிரங்கு. கமக்கட்டு, இடுப்பு, பிட்டம், ஆண்குறி ஆகிய இடங்களிலும் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். இரவில் கூடும் கடியும், ஒரே பாயில் படுக்கும் பலருக்குக் கடிப்பதும் படத்தைவிட நல்ல சாட்சி.

இந்த வீட்டில் சிரங்குக்கு மருந்து பூசாமல் இருக்கவில்லை. அதிகம் சொறிந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பூசினார்கள். முதன்முறை பூச்சி தொற்றியவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 கிழமை செல்லலாம். அதுவரை அவர் சுகதேகி போலிருந்து மற்றவர்களுக்குக் கொடுப்பார். ஆகவே சொறிபவர், சொறியாதவர் என்று பாராமல் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். பேர்மெத்ரின் கிரீம் என்றால் கழுத்திலிருந்து கால்விரல்வரை, நகத்தின் அடியிலும் பூசி, 8 முதல் 14 மணிநேரம் விட்டுக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். ஒரு கிழமை கழித்து மீண்டும் ஒருமுறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதை எப்படிப் பூசுவது என்று வைத்தியரிடம் கேட்ட பின்னரே பூச வேண்டும். அன்று உடுத்த உடுப்பு, பாய்விரிப்பு, துவாய் எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்துக் காயவிட வேண்டும். தோய்க்க முடியாததை ஒரு பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வைத்தால் பூச்சி செத்துவிடும். மருந்து வேலை செய்தாலும் கடி இரண்டு மூன்று கிழமை நீடிக்கும். அதற்காகத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் வெந்துபோகும்.

சிரங்கு அவசர நோயல்ல. ஆனால் சொறிந்த இடம் சீழ்பிடித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், முகம் வீங்கிச் சிறுநீர் கோப்பிநிறமாகப் போனால் அன்றே காட்ட வேண்டும். அந்தக் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.

அக்கிக்குக் காவி பூசலாமோ என்ற மகனின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பூசினால் கொப்புளம் மறைந்து வைத்தியருக்கு எதுவும் தெரியாது. உடைந்த கொப்புளத்தில் மண்ணும் சேரும். அக்கிக்குக் குளிசை உண்டு. கொப்புளம் கண்டு 72 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எனவே வெள்ளிக்கிழமை கண்டதைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கக் கூடாது. நெற்றியில், கண்மடலில், மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்பார்வைக்கு ஆபத்து. அன்றே போக வேண்டும். காதில் வந்து வாய் கோணினாலும் அப்படியே. மாறும்வரை கொப்புளங்களைத் துணியால் மூடி, கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கிட்ட விடாமல் இருக்க வேண்டும்.