தலையங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு

கேள்வி: எங்கள் நூலகச் செய்திமடலின் தலையங்கம் 600 சொல், இடமோ 400-க்குத்தான். எழுதியவரின் குரல் கெடாமல் எப்படிக் குறைப்பது?

பதில்: வரிக்கு வரி சொற்களைக் கிள்ளாதீர்கள், பத்தியாக எடுங்கள். "மழை வந்தது, வந்ததே, கூரை தாங்கியதா?" என்பதை "மழையைக் கூரை தாங்கவில்லை" என்று சுருக்கினால் தகவல் மிஞ்சும், எழுதியவர் காணாமல் போவார். அவர் குரல் அந்த ஏகாரத்திலும் கேள்வியிலும்தான் இருக்கிறது. பருவம் பற்றிய முன்னுரை 70, உள்ளே வரும் கட்டுரைகளின் அறிமுகம் 80, ஒரே கருத்துக்கான இரண்டாவது உதாரணம் 50 என்று 200 சொல் போனால், மீதியைத் தொடவே வேண்டாம். பத்தியோடு கருத்தும் போய்விடாதா என்பீர்கள். போகலாம், அதனால் எடுத்த பத்தியைப் பின்னால் வரும் "அது", "இதனால்" எதுவும் சுட்டுகிறதா என்று பாருங்கள். சுட்டினால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சொற்களிலேயே திரும்ப வையுங்கள். இணைப்பு வரி வேண்டுமென்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.