பிறந்த மாதத் தள்ளுபடி: பார்லர்காரர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ரெகுலராக வரும் வாடிக்கையாளருக்குப் பிறந்தநாளை ஒட்டி ஏதாவது குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் திண்டுக்கல்லில் பார்லர் வைத்திருக்கும் பலருக்கும் வரும். கொடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அதை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் நாலு வரியில் எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எழுதிய நாலு வரியைத்தான் கவுன்டரில் நிற்கும் பெண் ஒரு மாதம் முழுக்க நடத்திக் காட்டவேண்டும். ஆகவே வரியை எழுதுவதற்கு முன்பே சலுகையின் வகையையும் விதியையும் முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் நாளா, மாதமா என்ற கேள்வி. பிறந்தநாள் அன்றைக்கு மட்டும் என்று வைத்தால் கடைக்குச் செலவு குறைவாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் அது செல்லாத சலுகை. பிறந்த நட்சத்திரத்தன்று முடி வெட்டக்கூடாது, நகம் வெட்டக்கூடாது என்று பார்க்கும் வீடுகள் ஏராளம். செவ்வாய், வெள்ளி ஆகாது என்பவர்களும் உண்டு. பிறந்தநாளன்று காலை கோயில், மாலை கேக் என்று போய்விடும். பார்லருக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வந்து போயிருப்பார்கள். ஆகவே மாதம் முழுவதும் கொடுப்பதே சரி. அதில் கடைக்கும் ஒரு லாபம் இருக்கிறது. முகூர்த்த நாளில் நாற்காலி காலியில்லை என்றால், "அக்கா, இந்த மாசம் பூரா இருக்கு, புதன்கிழமை வாங்க" என்று மனம் கோணாமல் சொல்லலாம்.

அடுத்து எவ்வளவு, எந்த வடிவில். வழக்கமாக மூன்று வகை இருக்கிறது: சதவீதம் குறைப்பது, ஒரு தொகையைக் குறைப்பது, ஏதாவது ஒன்றை இலவசமாகச் செய்து தருவது. நாகல் நகர்ப் பக்கம் நான்கு நாற்காலி போட்ட ஒரு பார்லர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. புருவம் திருத்த 50 ரூபாய், முடி வெட்ட 300, ஃபேஷியல் 900.

புருவமும் முடியும் மட்டும் என்றால் பில் 350. 150 ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்திருந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். புருவம் மட்டும் திருத்த வந்தவர் 50 ரூபாய் பில்லில் 150-ஐக் கேட்டால் என்ன செய்வது? அதைத் தடுக்க "700 ரூபாய்க்கு மேல்" என்று ஒரு விதியைச் சேர்ப்பார்கள். அந்த இடத்தில்தான் ரெகுலர் வாடிக்கையாளர் வருத்தப்படுகிறார். மாதாமாதம் 350 ரூபாய்க்கு வந்து போகும் டீச்சருக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபேஷியலும் முடியும் சேர்த்து 1,200 ரூபாய்க்கு எப்போதாவது வருபவருக்குக் கிடைக்கும். யாருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தோமோ அவரை விட்டுவிடுகிறோம்.

இலவச ஹேர் ஸ்பா மாதிரி ஒன்றைத் தருவது கேட்க நன்றாயிருக்கும். கடைக்குப் பொருள் செலவு மட்டும்தான் என்று தோன்றும். ஆனால் முக்கால் மணி நேரம் ஒரு நாற்காலியும் ஓர் ஆளும் அதில் கட்டுண்டு கிடப்பார்கள். மார்கழியில் கூட்டம் குறைவாக இருக்கும்போது சரி. ஆவணியில் மணப்பெண்கள் வரிசையில் இருக்கும்போது கையைக் கடிக்கும். வாடிக்கையாளரிலும் பாதிப்பேருக்கு அது வேண்டியிருக்காது, "அதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் குடுங்க" என்று பேரம் தொடங்கும்.

என் கணிப்பில் சிறிய கடைக்குச் சதவீதம்தான் பொருந்தும். 20 சதவீதம் என்றால் 350-ல் 70 ரூபாய், 1,200-ல் 240 ரூபாய். குறைந்தபட்ச பில் என்ற விதியே தேவையில்லை. ஒரே ஒரு ஆபத்து மணப்பெண் அலங்காரம். 15,000 ரூபாய் பேக்கேஜில் 20 சதவீதம் 3,000 ரூபாய். அதையும், ஷாம்பூ பாட்டில் போன்ற பொருள் விற்பனையையும் வெளியே வைத்துவிட வேண்டும். இந்த விலக்கைத் தலைப்போடு சேர்த்தே எழுதவேண்டும். தலையில் "50% வரை" என்று பெரிதாகப் போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, அடியில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் விதிகளைப் போடுவது பலருக்குப் பழக்கம். மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, பொறுப்பு விளக்கம் விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில் இருக்கவேண்டும், எழுத்துருவும் அதேதான். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், கவுன்டரில் "அது இதுக்குக் கிடையாதுக்கா" என்று சொல்லும் நேரம்தான் ரெகுலர் ஒருவர் அடுத்த தெருக் கடையைத் தேட ஆரம்பிக்கும் நேரம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையானால் தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டுங்கள். அழகு நிலையச் சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். 1,200-ல் 240 கழித்து 960-க்குத்தான் வரி: 48 ரூபாய், மொத்தம் 1,008. முதலில் முழுத் தொகைக்கு வரி போட்டுவிட்டுப் பிறகு கையில் பணத்தைத் திருப்பித் தந்தால் கணக்கு இப்படி நேராக வராது.

மீதி இருப்பது, பிறந்த மாதம் என்று எப்படி நம்புவது? ஆதார் அட்டை காட்டச் சொல்வது எளிதான வழியாகத் தெரியும். நம் ஊரில் அதுதான் மோசமான வழி. பள்ளியில் சேர்க்கும்போது வயது சரிவர வேண்டும் என்று மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிட்ட தலைமுறை இன்னும் பார்லருக்கு வருகிறது. வருடம் மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவானதும் உண்டு. உண்மையான பிறந்தநாள் அட்டையில் இல்லாதவரிடம் அட்டையைக் கேட்பது அவமானப்படுத்துவது போல ஆகும். கூப்பன் எண் அனுப்பினால் அது தோழிகளுக்கு ஃபார்வர்டு ஆகும். நோட்டுதான் நல்லது. சாதாரண நாளில் வரும்போதே பெயர், போன் நம்பர், பிறந்த மாதம் ஆகியவற்றை அவரிடம் கேட்டு, எதற்கு என்றும் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் மூன்று முறை வந்தவர் ரெகுலர் என்று வைத்தால் அதையும் நோட்டே சொல்லிவிடும். தள்ளுபடி வாங்கியதும் பெயருக்கு எதிரே டிக். இரண்டாவது முறை கேட்கும் சண்டை அங்கேயே முடிந்தது.

இனி வரிகள். இன்ஸ்டாகிராம் முதல் ஒன்றிரண்டு வரியை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். ஆகவே வாழ்த்தில் ஆரம்பிக்காமல் மாதத்திலும் சலுகையிலும் ஆரம்பிக்க வேண்டும்:

"ஆகஸ்ட்ல பிறந்த நம்ம ரெகுலர் கஸ்டமருக்கு பில்லுல 20% கம்மி, மணப்பெண் அலங்காரத்துக்கும் பொருள் விற்பனைக்கும் கிடையாது.
ஆகஸ்ட் 1 முதல் 31 வரை, ஒரு தடவை.
ஆறு மாசத்துல மூணு தடவை வந்திருந்து, உங்க பிறந்த மாசம் எங்க நோட்டுல இருந்தா போதும். உட்காரும்போதே சொல்லிடுங்க.
பிறந்தநாள் வாழ்த்துகள்!"

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் ஒன்றாம் தேதி மட்டுமில்லாமல் பதினைந்தாம் தேதியும் ஒருமுறை போடுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போய்ச்சேரும். நோட்டில் பெயர் எழுதும்போதே "எங்க நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று சொல்லிவிடுவது உதவும்.

ஒரே ஒரு குழப்பம் மாதத்தில் வரும். ஆகஸ்ட் 30-ல் பிறந்தவர் ஆவணி நட்சத்திரப்படி செப்டம்பரில் கொண்டாடலாம். ஆவணியே ஆகஸ்ட் பாதியில் தொடங்கி செப்டம்பர் பாதி வரை ஓடும். நோட்டில் எழுதும்போதே "நீங்க எந்த மாசம் கொண்டாடுறீங்க, ஆகஸ்டா செப்டம்பரா?" என்று கேட்டு அவர் சொல்லும் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அந்த வருடத்துக்கு அதுதான் அவருடைய மாதம்.