கைமுதல் இல்லாத தொழிலும் கைப்பேசியும்

கிராமத்தில் ஓர் இளைஞர் தொழில் தொடங்க விரும்புகிறார். அவரிடம் இருப்பது சில நூறு ரூபாயும் ஒரு திறன்பேசியும் மட்டுமே. அவர் எத்தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வி இன்று பல ஊர்களில் எழுகிறது. இக்கட்டுரையில் கன்னியாகுமரி மாவட்டத்தை, அதிலும் நாஞ்சில் நாட்டையும் அதன் அண்டைப் பகுதிகளையும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஒரு தொழிலை மட்டும் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பணம் எங்கே முடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு தொழிலில் அது மூன்று இடங்களில் முடங்கும். சரக்கு வாங்கி வைப்பதில் ஒரு பகுதி, இடத்திற்கும் கருவிக்கும் ஒரு பகுதி, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் கடனில் ஒரு பகுதி. இம்மூன்றில் ஒன்று தேவைப்பட்டாலும் கைமுதல் இல்லாதவர் அத்தொழிலில் நிலைத்து நிற்பது கடினம். கைப்பேசி இவற்றில் எதையும் வாங்கித் தராது. ஆட்களை ஒருவரோடொருவர் இணைப்பது, நாளை நினைவில் வைப்பது, நடந்ததைப் படம் பிடித்துக் காட்டுவது, பணத்தை உடனே பெறுவது ஆகிய நான்கு காரியங்களை மட்டுமே அது செய்யும். ஆகவே இந்த நான்கினால் மட்டுமே நடக்கக்கூடிய தொழிலே அவருக்கு உகந்தது.

தோவாளைப் பூச்சந்தை எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே விடியற்காலையில் பூ எடுப்பவர் கையில் பணம் வேண்டும். அன்று விற்காத பூ மாலைக்குள் மதிப்பிழந்து போகும். மார்த்தாண்டம் பகுதியின் தேனை வாங்கிப் புட்டிகளில் அடைத்து விற்கலாம் என்பது அடுத்த எண்ணம். அதற்குப் புட்டியும் சீட்டும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். மேலும் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். நமக்கு அது அடுத்த ஊர். சரக்கு வரிச் சட்டத்திற்கோ அது வேறு மாநிலம். அடைத்துச் சீட்டு ஒட்டிய தேனை அங்கே விற்பனைக்கு அனுப்புபவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். இவை தீய தொழில்கள் அல்ல. கையில் சிறிது முதல் சேர்ந்தபின் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்பதே நமது கருத்து.

நாம் எடுத்துக்கொள்ளும் தொழில் தேங்காய் வெட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்வதாகும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்றது. அம்மரங்கள் நிற்கும் இம்மாவட்டத்தில் மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை என்பது விளை வைத்திருக்கும் ஒவ்வொருவரின் குறை. அதே வேளையில் மரம் ஏறுபவரோ, இன்று யார் வீட்டில் வேலை என்று தெரியாமல் காலைப் பொழுதில் பாதியை விசாரித்துக் கழிக்கிறார். இரு பக்கமும் குறை இருக்கிறது; இடையே இருப்பது தகவல் இன்மையே. தகவலைச் சேர்ப்பதற்குச் சரக்கும் வேண்டாம், கடையும் வேண்டாம்.

இத்தொழிலின் உயிர் நாட்கணக்கில் இருக்கிறது. நன்கு காய்க்கும் தென்னை மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு பாளை விடும். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்றச் சுமார் 12 மாதம் ஆகும். ஆகவே மரத்தில் எப்போதும் வெவ்வேறு பருவத்துக் குலைகள் வரிசையாக இருக்கும். 45 நாளுக்கு ஒருமுறை ஏறினால் ஒன்று அல்லது இரண்டு முற்றிய குலைகள் கிடைக்கும். ஆண்டிற்கு எட்டு வெட்டு. முந்தி ஏறினால் முற்றாத காய் விழும். அதன் கொப்பரை ரப்பர் போலத் துவண்டு, எண்ணெயும் குறையும். பிந்தினால் நெற்றுக் காய் தானே விழும். விழுந்த காய் களவு போகலாம். கூரையிலோ வழிப்போக்கர் தலையிலோ விழலாம். இந்த 45 நாளை ஒவ்வொரு வீட்டுக்காரரும் மறந்துவிடுகிறார். அதை மறவாதவர் ஒருவர் ஊரில் இருந்தால், அவருக்கு விளம்பரம் தேவையில்லை.

செய்முறையைப் பார்ப்போம். முதலில் மரம் ஏறுபவர் ஒருவரோடு வாய்ப்பேச்சு முடிக்க வேண்டும். அவர் இசையாமல் வீடு வீடாகச் செல்வதில் பயனில்லை. பிறகு தம் வார்டிலும் அடுத்த வார்டிலும் இருபது வீடுகளுக்குச் சென்று, வீட்டுப் பெயர், காய்க்கும் மரங்களின் எண்ணிக்கை, கடைசியாக வெட்டிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஓர் அட்டவணை போதும். கடைசி வெட்டு நாளோடு 45-ஐக் கூட்டி அடுத்த நாளை எழுதி, அதற்கு மூன்று நாள் முன்னதாக நினைவூட்டு மணி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் இலவசச் செயலியில் வாடிக்கைக்காரர்களுக்குத் தெருவாரியாக அடையாளக் குறி இடலாம். இந்த அட்டவணையின் நகல் ஒன்று காகித நோட்டிலும் இருக்கட்டும். கைப்பேசி கிணற்றில் விழுந்த நாளில் தொழிலும் அதனுடன் விழுந்துவிடக் கூடாது.

அடுத்தது, ஒரு தெருவின் வேலையை ஒரே நாளில் சேர்ப்பது. இஃது எளிய காரியமாகத் தோன்றும். உண்மையில் வருமானம் முழுவதும் இதில்தான் பிறக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் ஆறு, எட்டு, பத்து மரங்களே நிற்கும். இங்கே எட்டும், இரண்டு மைலுக்கு அப்பால் பத்துமாக அலைந்தால் ஒரு நாளில் இருபது மரத்தோடு பொழுது போய்விடும். ஒரே தெருவில் வேலை சேர்ந்தால் முப்பத்தைந்து மரம் ஏறலாம். தொடக்கத்தில் சில வீடுகளின் வெட்டை ஐந்தாறு நாள் தள்ளி வைத்தால் தெரு முழுவதும் ஒரே முறைக்கு வந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். கூலி ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் பொருட்டு மரத்திற்கு 60 ரூபாய் என்று கொள்வோம். அதில் 54 ரூபாய் ஏறுபவருக்கு, 6 ரூபாய் ஏற்பாடு செய்பவருக்கு. ஏறுபவர் ஏன் ஆறு ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும்? தாமே அலைந்து 20 மரம் ஏறினால் அவருக்கு 1,200 ரூபாய். சேர்த்துக் கொடுத்த வேலையில் 35 மரம் ஏறினால் 1,890 ரூபாய். இந்த வேறுபாட்டை உண்டாக்க முடியாதவர் ஆறு ரூபாய் கேட்கவும் உரிமையற்றவர்.

இருபது வீட்டில் பத்துப் பத்து மரமாக 200 மரம் என்றால், அஃது ஏறத்தாழ ஆறு நாள் வேலை. ஏற்பாட்டாளருக்கு 1,200 ரூபாய். 45 நாளுக்கு இதுவே வருமானம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். இது குடும்பம் நடத்தப் போதாது. வேறு வேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. ஒருவருக்கு முழு வேலை கொடுக்க எவ்வளவு வேண்டும்? நமது மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்யும். ஈர மரத்தில் ஏறக் கூடாது. ஆகவே மாதத்திற்கு 20 நாள் என்று வைத்தால் 700 மரம் ஏறலாம். 45 நாள் முறைப்படி அதற்கு 1,050 மரம், அதாவது நூற்றைந்து வீடு தேவை. வருமானம் மாதம் 4,200 ரூபாய். இரண்டு ஏறுபவர்கள் சேர்ந்தால் 8,400. நூறு வீட்டுக்கு ஒருவர் என்பதே இத்தொழிலின் அளவுகோல்.

வெளியூரில் வாழும் சொந்தக்காரர்களிடமிருந்து இதற்குமேல் சிறிது கிடைக்கும். வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருப்போரின் விளைகள் நம் ஊர்களில் பல உண்டு. அவர்கள் அறிய விரும்புவது எத்தனை காய் கிடைத்தது என்பதை. காய்களைப் பத்துப் பத்தாகக் குவித்துப் படம் எடுத்து அனுப்பினால் அவர்களே எண்ணிக்கொள்வார்கள். ஏறுபவர் மேலே இருக்கும்போது மரத்தின் மண்டையையும் படம் எடுக்கச் செய்யலாம். விரிந்த ஓலை முக்கோண வடிவில் வெட்டுண்டிருந்தால் காண்டாமிருக வண்டு. ஓலையின் அடிப்புறத்தில் வெண்மையான சுருள் கோடுகள் தென்பட்டால் சுருள் வெள்ளை ஈ. படத்தை வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் காட்டிப் பரிகாரம் கேட்கலாம். தாமே மருந்து சொல்ல முற்படலாகாது. வெளியூரார் வேலைக்கு முதல் நாளே பணம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அவசியம்.

உள்ளூரில் பணத்தை மரத்தடியிலேயே பெற்று, ஏறுபவரின் பங்கை அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும். “அடுத்த வெட்டுக்குச் சேர்த்துத் தருகிறேன்” என்ற ஒரு சொல்லுக்கு இணங்கினால், கைமுதல் இல்லாதவர் கடன் கொடுப்பவராகிவிடுகிறார். யு.பி.ஐ. வழியாகப் பணம் வந்ததென்று ஒருவர் தம் கைப்பேசியில் படம் காட்டினால் நம்ப வேண்டாம். நம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பின்னரே நன்றி சொல்ல வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. இடச் சொல்பவர் எடுக்க வந்தவர்.

இனி, தவறு எங்கே நேரும்? ஏறுபவரும் வீட்டுக்காரரும் நேரடியாகப் பேசிக்கொள்வது முதலாவது. “இப்போது வேண்டாம்” என்று ஒரு வீடு இரு முறை சொல்லியும் மரத்தில் முற்றிய குலை இல்லையென்றால் அதுவே அறிகுறி. இதற்குச் சண்டையிட்டுப் பயனில்லை. நாள் தவறாமையும் தெரு வேலையைச் சேர்த்துக் கொடுப்பதும் இருந்தால் பெரும்பாலோர் விலகமாட்டார்கள். விலகுபவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரே நாளில் இரு தெருவுக்கு வாக்குக் கொடுப்பது இரண்டாவது. ஒரு முறை வராமற்போன ஆளை வீட்டுக்காரர் மறப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது விபத்து. தென்னையிலிருந்து விழுபவரின் குடும்பம் அன்றே வறுமையில் விழும். எனவே காப்புறுதி இல்லாதவரை ஒரு மரமும் ஏற விடக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டிற்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்திற்கு 2 இலட்சம் ரூபாய் உண்டு; வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையினர் சேரலாம். தென்னை ஏறுபவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேர சுரக்ஷா’ என்னும் காப்புறுதியை மானியத்தோடு நடத்துகிறது. 2011-இல் அவ்வாரியம் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் கருவி கொண்டு ஏறுவதைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவரைத் தேடிக் கண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். ஏற்பாட்டாளர் தம் பெயரில் உத்யம் பதிவும் செய்துகொள்ளலாம். ஆதாரைக் கொண்டு செய்யும் அப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் இடைத்தரகரே.

பலருடைய சிறு சிறு பொருளை ஒன்றாகத் திரட்டுவது இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்ஸர் ஹாட்ச், வீடுகளில் ஒன்றிரண்டாகக் கிடைத்த முட்டைகளைத் திரட்டித் தரம் பிரித்து விற்கச் செய்தார். அன்று திரட்டுவதற்கு நடந்துதான் போக வேண்டியிருந்தது.

ஊராட்சி உறுப்பினர்கள் இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராம சபை கூடும் நாளில், ஊரில் மரம் ஏறுபவர்கள் யார், அவர்களில் எத்தனை பேருக்குக் காப்புறுதி இருக்கிறது என்ற கணக்கை எடுக்கலாம். அப்பட்டியலே இத்தொழிலைத் தொடங்குபவருக்கு முதல் பக்கமாக அமையும். தொடங்கும் காலத்தை மழை ஓய்ந்த தை மாதமாக வைத்துக்கொண்டால், ஆனி மழைக்கு முன் மூன்று வெட்டு முடிந்து, எந்த வீடு நிலைக்கும், எது நிலைக்காது என்பது அட்டவணையில் தெரிந்துவிடும்.